'வேண்டாம்' என்றவரின் எண்ணை என்ன செய்வது?

2016 ஆகஸ்டில் பிரிட்டனின் ஃப்ளைபி விமான நிறுவனம் 33 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்களை அனுப்பியது. 'உங்கள் விவரங்கள் சரியாக உள்ளனவா?' என்பது தலைப்பு. பழைய விவரங்களைத் திருத்துங்கள், விளம்பரம் வேண்டுமா என்பதையும் சொல்லிவிடுங்கள், பரிசுக் குலுக்கலில் இடம் கிடைக்கலாம் என்றது கடிதம். படிக்கச் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால், அதைப் பெற்றவர்கள் அனைவரும் விளம்பரமே வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தவர்கள்!

2017 மார்ச்சில் அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் ஃப்ளைபிக்கு 70,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே நேரத்தில் ஹோண்டாவின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு 13,000 பவுண்டு. ஹோண்டாவின் கதை சற்று வேறு. 'எங்களிடமிருந்து தகவல் பெற விருப்பமா?' என்று கேட்டு அது எழுதிய சுமார் 2.9 லட்சம் கடிதங்களுக்கு, பெறுநர்கள் சம்மதித்தார்கள் என்பதற்கான ஆதாரத்தை அந்த நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. சட்டத்துக்கு இணங்கத்தான் கேட்டோம் என்ற வாதம் எடுபடவில்லை. விளம்பரத்துக்குச் சம்மதம் கேட்டு எழுதும் கடிதமும் விளம்பரக் கடிதமே என்பது ஆணையத்தின் நிலைப்பாடு.

அந்த ஆண்டு ஜூனில் வெதர்ஸ்பூன் மதுக்கடை நிறுவனம் இன்னொரு வழியில் போனது. செய்திமடலுக்காக வைத்திருந்த மின்னஞ்சல் பட்டியலையே அழித்துவிட்டது. கையில் இல்லாத விவரம் கசியவும் முடியாதல்லவா? ஆனால், பட்டியலை நம்பியே வியாபாரம் செய்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவர்கள் மறுத்தவர்களை மட்டும் ஒவ்வொருவராக அழிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

நம்மூர் ஜவுளிக்கடை ஒன்றைக் கற்பனை செய்வோம். பில் போடும்போது வாடிக்கையாளர் கைபேசி எண்ணைச் சொல்கிறார். ஆடித் தள்ளுபடிச் செய்தி வருகிறது; 'இனி அனுப்பாதீர்கள்' என்று பதில் போடுகிறார். கடைக்காரரும் நல்ல மனதோடு அந்த எண்ணை எக்செல் தாளிலிருந்து நீக்கிவிடுகிறார். அதே எண் பில்லிங் மென்பொருளில் இருக்கிறது, இன்னொரு கிளையின் தாளிலும் இருக்கிறது. தீபாவளிக்கு முன் மூன்றையும் ஒன்றாக்கி ஏஜென்சியிடம் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றவருக்குச் செய்தி மறுபடியும் போகிறது. அவர் மறுத்ததற்கான தடயம் கடையில் எங்கும் இல்லை, ஏனென்றால் எண்ணோடு சேர்த்து மறுப்பையும் அழித்துவிட்டார்கள்.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'அனுப்பக் கூடாதோர் பட்டியல்' என்று ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள். பெயர், முகவரி, பிறந்தநாள், வாங்கிய பொருள் எதுவும் அதில் வேண்டாம். எண் அல்லது மின்னஞ்சல், மறுத்த தேதி, எந்த வழிச் செய்திக்கு மறுப்பு என்ற மூன்றே போதும். வாட்ஸ்அப் வேண்டாம் என்றவர் மின்னஞ்சலை ஏற்கலாம். அதனால்தான் மூன்றாவது விவரம். பிரிட்டன் ஆணையமும், விளம்பரத்தை மறுத்தவரின் விவரத்தை முழுக்க அழிப்பதைவிட மறுப்பை நினைவில் வைக்கப் போதுமான அளவுக்கு வைத்திருக்கவே சொல்கிறது. அந்தப் பட்டியலை வேறு எதற்கும் தொடக் கூடாது. ஃப்ளைபி தொட்டது இதைத்தான்.

பட்டியல் இருந்தும் தவறு நடப்பதுண்டு. ஒரே எண் ஒரு தாளில் 0 சேர்த்தும், இன்னொன்றில் +91 சேர்த்தும், மூன்றாவதில் நடுவே இடைவெளி விட்டும் இருக்கும். கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு எண்கள். எல்லாவற்றையும் முதலில் பத்து இலக்கமாக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும் வேளையும் முக்கியம்: தாள்களைச் சேர்க்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து அனுப்பினால், இடையில் மறுத்தவர்கள் தப்பிவிடுவார்கள். கடைசிச் சரிபார்ப்பு அனுப்புவதற்குச் சற்று முன்னால் நடக்க வேண்டும்.

மறுப்பதற்கான வழியையும் எளிதாக வைக்க வேண்டும். 2024 முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோரின் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும் என்கிறது கூகுள். விலகியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்கவும் வேண்டும். கடவுச்சொல் போட்டு உள்ளே போய், ஐந்து பெட்டிகளில் டிக் எடுத்தால்தான் விலகலாம் என்ற பழைய சாமர்த்தியத்துக்குப் பலன் ஒன்றுதான்: எரிச்சலடைந்தவர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். அந்தப் புகார்கள் சேரச் சேர, விரும்பிக் கேட்டவர்களுக்கான மடலும் குப்பைப் பெட்டிக்கே போகும்.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தொடுகிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதைக் கொடுத்தது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதற்கு ஒப்பான எளிமையோடு இருக்க வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; கடைகளைப் பாதிக்கும் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பில் கவுன்ட்டரில் எண்ணைச் சொல்ல ஐந்து விநாடி ஆகிறது. அதைத் திரும்பப் பெற யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டால், இன்று பல கடைகளில் காசாளர் மேலாளரைக் காட்டுவார், மேலாளர் தலைமை அலுவலகத்தைக் காட்டுவார்.