சொந்தக் கைத்தொலைபேசியில் வேலை வாட்ஸ்அப்: நிறுவன விதிமுறையில் என்ன இருக்கணும்?

"பாஸ், புளோக் 412 முடிஞ்சது. படம் அனுப்பிட்டேன். கேட் லாக் நம்பர் மேல இருக்கு, நாளைக்கு வர்றவங்க பாத்துக்கோங்க."

சிங்கப்பூரில் பல சிறு நிறுவனங்களின் அன்றாட வேலை இப்படித்தான் நடக்கிறது. தனி மென்பொருள் எதுவும் இல்லை. ஊழியர்களின் சொந்தக் கைத்தொலைபேசியும் ஒரு வாட்ஸ்அப் குழுவும் போதும். செலவு இல்லை, வேகமும் அதிகம்.

ஆனால் அந்த ஒரு தகவலில் வாடிக்கையாளரின் முகவரி, வீட்டின் உட்புறப் படம், கதவைத் திறக்கும் எண் எல்லாமே இருக்கின்றன. குழுவில் உள்ள அத்தனை பேரின் கைத்தொலைபேசியிலும் அது பதிவாகிவிடுகிறது.

இதற்கு ஒரு விதிமுறை எழுதவேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? உதாரணத்துக்கு, 12 பேர் வேலை செய்யும் ஒரு குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

"வேலைக்கு வாட்ஸ்அப் கூடாது" என்று எழுதினால் போதாதா?

எழுதலாம். ஆனால் மறுநாளே யாராவது இன்னொரு குழுவைத் தொடங்கிவிடுவார்கள். அதில் மேலாளர் இருக்கமாட்டார் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் செயலியைத் தடை செய்வதைவிட, அதில் எது போகலாம், எது போகக்கூடாது என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நம் நிறுவனம் இப்படி எழுதலாம்:

"குழுவில் வேலை எண், நேரம், வேலையின் நிலை ஆகியவற்றை மட்டும் பகிரலாம். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், படங்கள் ஆகியவை நிறுவனத்தின் பொதுக் கோப்பில் மட்டுமே இருக்கவேண்டும். கதவு எண்ணை எங்கும் எழுதக்கூடாது. வாடிக்கையாளரை அழைத்து, கதவைத் திறக்கச் சொல்லவேண்டும்."

இப்போது அதே தகவல் "வேலை 0231 முடிஞ்சது, படம் கோப்பில்" என்று சுருங்கிவிடும். வேலை தடைபடவில்லை. கைத்தொலைபேசி தொலைந்தாலும் அதிலிருந்து ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

மருத்துவ விடுப்புச் சான்றிதழுக்கும் இதே கதைதான். பலர் எம்.சியைப் படம் எடுத்துக் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். எந்த மருந்தகத்துக்குப் போனார் என்பது சக ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியவேண்டியதில்லை. "எம்.சியை மேலாளருக்குத் தனியாக அனுப்பவும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வாட்ஸ்அப்பில் சங்கேதப் பாதுகாப்பு இருக்கே, அப்புறம் என்ன கவலை?

அந்தப் பாதுகாப்பு, தகவல் ஒரு கைத்தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிக்குத்தான். போய்ச் சேர்ந்த பிறகு அது அந்தக் கைத்தொலைபேசியின் உரிமையாளர் கையில். படங்கள் தானாகவே கேலரியில் சேரலாம். அங்கிருந்து குடும்பப் படங்களோடு மேகக் கணினிக்கும் போகலாம்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போதுதான் இது பெரிய பிரச்சினையாகிறது. குழுவிலிருந்து அவரை நீக்கினால் புதிய தகவல்கள்தான் போகாது. பழையவை அவர் கைத்தொலைபேசியில் அப்படியே இருக்கும். அனுப்பியவர் எல்லாருக்கும் அழிக்கலாம் என்றாலும், அதற்குக் கிடைப்பது இரண்டு நாளும் சில மணி நேரமும்தான்.

சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்வது நிறுவனம் செய்ததாகவே கருதப்படும். கைத்தொலைபேசி யாருடையது என்பது அந்தப் பொறுப்பை மாற்றாது. தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் 12 கைத்தொலைபேசிகளில் சிதறிக் கிடப்பதை எப்படி அழிப்பது? அதனால்தான் ஆரம்பத்திலேயே குழுவுக்குள் போகவிடாமல் தடுப்பது முக்கியம்.

வாடிக்கையாளர்கள் தொடர்புகொள்ளும் எண்ணும் நிறுவனத்துடையதாக இருக்கவேண்டும். நிறுவன எண்ணில் ஒரு வாட்ஸ்அப் கணக்கைத் திறந்தால், அதோடு நான்கு கூடுதல் சாதனங்கள் வரை இணைக்கலாம். ஒருவர் விலகினால் அவருடைய இணைப்பைத் துண்டித்தால் போதும். வாடிக்கையாளர் அவருடைய சொந்த எண்ணைத் தேடி அலையவேண்டியதில்லை.

ராத்திரி 10 மணிக்கு வரும் செய்திக்குப் பதில் சொல்லணுமா?

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டிலிருந்து, வேலை நேரத்துக்குப் பிறகு வரும் நியாயமற்ற தொடர்புக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வேலையிட மனநலம் குறித்து 2020இல் வந்த முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு, வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்புக்கு விதிமுறை வகுக்கும்படி முதலாளிகளை ஊக்குவிக்கிறது. கட்டாயப்படுத்தவில்லை.

ஆனால் மிகைநேர ஊதியம் சட்டத்தில் இருக்கிறது. மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறும் உடலுழைப்பு ஊழியர்களுக்கும், 2,600 வெள்ளி வரை பெறும் மற்ற ஊழியர்களுக்கும் அது பொருந்தும். மேலாளர்கள், நிர்வாகிகள் இதில் அடங்கமாட்டார்கள்.

நம் நிறுவனத்தின் தொழில்நுட்பர் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி, வாரம் 44 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மனிதவள அமைச்சின் கணக்குப்படி, ஆண்டுச் சம்பளத்தை 52 வாரம், 44 மணி நேரம் என்று வகுக்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி 59 காசு வரும். மிகைநேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 18 வெள்ளி 88 காசு.

வீட்டுக்குப் போன பிறகு தினமும் 20 நிமிடம் மறுநாள் அட்டவணையைச் சரிபார்க்கும்படி மேலாளர் கேட்கிறார். 26 வேலை நாளுக்கு அது 8 மணி 40 நிமிடம். அதை மிகைநேரமாகக் கணக்கிட்டால் மாதம் சுமார் 164 வெள்ளி.

சட்டத்தில் மிகைநேரம் என்பது முதலாளி கேட்டுச் செய்யும் கூடுதல் வேலை. "சும்மா மெசேஜ்தானே போட்டேன்" என்று முதலாளி நினைக்கலாம். "கேட்டதால்தான் செய்தேன்" என்று ஊழியர் சொல்லலாம். விதிமுறை இல்லாத இடத்தில் இந்தச் சண்டை தீராது. அதனால் தெளிவாக எழுதவேண்டும்:

"மாலை 7 மணிக்கு மேல் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதிலளித்தால் போதும். நீர்க்கசிவு, மின்கோளாறு போன்ற அவசரம் என்றால் பணிமுறையில் இருப்பவரை மேலாளர் தொலைபேசியில் அழைப்பார். அந்த நேரம் வேலை நேரமாகப் பதிவாகும்."

அவசரம் என்றால் அழைப்பு வரும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான், ஊழியர் நிம்மதியாக அறிவிப்புகளை அணைத்து வைக்கமுடியும்.

நிறுவனம் என் கைத்தொலைபேசியைப் பார்க்கலாமா?

ஊழியர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. சில விதிமுறைகள் "தேவைப்பட்டால் சாதனத்தைச் சோதிக்கவும் அழிக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு" என்று பொதுவாக எழுதிவிடுகின்றன. அப்படி எழுதினால், உங்கள் குடும்பப் படங்களும் அதற்குள் வந்துவிடும்.

ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் வேலைக்கென்று ஒரு தனிப் பகுதியை அமைக்கும் வசதி உண்டு. நிறுவனம் அந்தப் பகுதியை மட்டும் தொலைவிலிருந்து அழிக்கலாம். சொந்தப் பகுதியைத் தொட முடியாது. இது இல்லாத சிறு நிறுவனங்களுக்கு எளிய வழி: கடைசி நாளன்று, ஊழியர் தாமே மேலாளர் முன்னிலையில் வேலைக் குழுக்களையும் படங்களையும் அழித்து, ஒரு படிவத்தில் கையெழுத்திடுவது. கைத்தொலைபேசியை ஒப்படைக்கவேண்டியதில்லை.

உங்கள் நிறுவனத்தில் இப்போது விதிமுறை இருக்கிறதா என்று பார்க்க, வேலைக் குழுவின் உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். போன வருஷமே வேலையை விட்டவர் இன்னும் அதில் இருக்கிறாரா? இருந்தால், முதலில் எழுதவேண்டிய வரி எது என்று தெரிந்துவிடும்.