கட்டைவிரலுக்கு 5.61 லட்சம்: விபத்து இழப்பீட்டுக் கணக்கு எப்படி வருது?

ஆறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. 30 வயது தொழிலாளியின் கட்டைவிரல் பிரஸ் மெஷினில் சிக்கித் துண்டாகிறது. அவருடைய மாதச் சம்பளம் 18,000 ரூபாய். ஆஸ்பத்திரி செலவைக் கட்டிய முதலாளி, "ஒரு லட்சம் தர்றேன், இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுப்பா" என்கிறார். பெரிய தொகை மாதிரித்தான் தெரியும். ஆனால் சட்டம் போடும் கணக்கே வேறு.

இது ஒரு கற்பனை உதாரணம். கணக்கு மட்டும் நிஜம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இல் இருந்த இந்தச் சூத்திரத்தை, சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-உம் அப்படியே வைத்திருக்கிறது.

முதலில் மாதக் கணக்கு

நிரந்தர ஊனத்துக்கு, மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுக்க வேண்டும். இங்கே ஒரு உச்சவரம்பு இருக்கிறது. சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், கணக்குக்கு 15,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில் மத்திய அரசு வைத்த வரம்பு இது. ஆக, நம்ம தொழிலாளிக்கு 15,000-இல் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாய்.

அடுத்து ஊன சதவீதம். எந்த உறுப்பு போனால் எவ்வளவு சம்பாதிக்கும் திறன் போகிறது என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவீதம். 9,000-இல் 30 சதவீதம் என்றால் 2,700 ரூபாய். இந்த விபத்தால் அவருக்கு ஒவ்வொரு மாதமும் ஏற்படும் இழப்பு என்று சட்டம் கணக்கில் எடுப்பது இதைத்தான்.

வயது எங்கே வருது?

இந்த 2,700 ரூபாயை மாதாமாதம் தராமல், மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு எத்தனை மாதத்தால் பெருக்குவது? அதைச் சொல்வதுதான் வயதுக் காரணி. கடைசியாக முடிந்த பிறந்தநாளின்படி 30 வயது என்றால் 207.98. 2,700-ஐ இதால் பெருக்கினால் 5,61,546 ரூபாய்.

30 வயதுக்காரர் 60 வயது வரை உழைத்தால் 360 மாதம் ஆகுமே, ஏன் 208 மட்டும்? பல வருஷம் கழித்து வரவேண்டிய பணம் இன்றைக்கே கைக்கு வருவதால், அதன் இன்றைய மதிப்பு குறைவு. காரணி அதற்கேற்ப அமைந்தது. வயது ஏற ஏற இதுவும் இறங்கும். இதே காயம் 50 வயதில் பட்டிருந்தால் காரணி 153.09, தொகை 4,13,343 ரூபாய்.

சண்டை வருவது சதவீதத்தில்

சம்பளத்துக்கும் வயதுக்கும் ஆவணம் உண்டு. சதவீதத்தில்தான் இழுபறி. அட்டவணையில் இல்லாத காயம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போச்சு என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். உடல் ஊனமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி, அதை 100 சதவீத இழப்பாகவே உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதனால் மருத்துவச் சான்றிதழில் ஊன அளவு மட்டும் இருந்தால் போதாது. என்ன வேலை பார்த்தார், அதை இனி செய்ய முடியுமா என்பதும் இருக்க வேண்டும்.

இஎஸ்ஐ இருந்தால்?

இஎஸ்ஐ-இல் காப்பீடு உள்ளவர் இந்த மொத்தத் தொகையைக் கேட்க முடியாது. அவருக்கு மாத உதவித்தொகை, அதுவும் ஆயுள் முழுக்க. இதே தொழிலாளிக்கு இஎஸ்ஐ இருந்திருந்தால், தினச் சம்பளம் 600 ரூபாயில் 90 சதவீதம், அதில் 30 சதவீதம் என்று நாளுக்கு 162 ரூபாய் வரும். மாதத்துக்குச் சுமார் 4,860. இங்கே வயதுக் காரணி கிடையாது. பத்து வருஷத்துக்குள் 5.61 லட்சத்தைத் தாண்டிவிடும்.

அந்தப் பேப்பர்?

இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது சட்டம். ஒரு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், மிச்சம் 4.61 லட்சத்தைக் கேட்டு உரிய அதிகாரியிடம் அவர் போகலாம். கையில் இருக்க வேண்டியது மூன்று விஷயம்: சம்பளத்துக்கான ஆதாரம், வயதுச் சான்று, திறன் இழப்பைச் சொல்லும் மருத்துவச் சான்றிதழ். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கும் பட்டறைகளில் பெரும்பாலும் இல்லாமல் போவது முதலாவதுதான்.