பாதிக் கணக்கும் முழுப் பயமும்

பரம்பரையாக மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்கு ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுப்பது வீண்வேலை என்று சென்ற இதழில் ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, ஏற்கெனவே நாள் குறித்திருந்த எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடலாமா என்று இரண்டு பெண்கள் என்னிடம் கேட்டார்கள். இரண்டு பேருக்குமே பிஆர்சிஏ1 மரபணுவில் பிறழ்வு உண்டு. மார்பக ஸ்கேன்களைப் படித்துச் சொல்வதே தொழிலாக இருக்கும் எனக்கு, அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையின் முழு பாரத்தையும் தாங்குவது ஒரே ஓர் எண்தான். நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் மேமோகிராமைவிட எம்ஆர்ஐ மூன்று மடங்கு வீண் பயாப்சிகளுக்குக் காரணமாயிற்று என்கிறார். எண் சரியானதுதான். 2004இல் வெளியான அந்த ஆய்வில் மேமோகிராமால் 7 வீண் பயாப்சிகளும் எம்ஆர்ஐயால் 24 வீண் பயாப்சிகளும் நடந்தன. ஆனால் அதே ஆய்வறிக்கையில் இதற்கு முன்னால் வரும் எண்களை அவர் சொல்லவில்லை. அவற்றைப் படிக்காமல் இந்த எண்ணை மட்டும் ஒருவர் எடுத்திருக்க வழியில்லை. எனவே இதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் விட்டதை நான் சொல்கிறேன். குடும்ப வரலாற்றாலோ மரபணுவாலோ ஆபத்து கூடிய 1,909 பெண்களுக்கு ஆண்டுக்கொரு முறை மேமோகிராமும் எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். இரண்டு படங்களையும் தனித்தனி மருத்துவர்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் படித்தார்கள். இரண்டு சோதனைகளையும் ஒப்பிடத் தகுந்த புற்றுகள் 45. மேமோகிராம் கண்டது 18. எம்ஆர்ஐ கண்டது 32. அந்த 32இல் 22 புற்றுகள் மேமோகிராமில் தெரியவே இல்லை. கட்டுரையாளரின் அறிவுரைப்படி மேமோகிராமோடு நிறுத்தியிருந்தால், “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்ற தாளோடு வீட்டுக்குப் போயிருக்கும் பெண்கள் அவர்கள். 24 வீண் ஊசிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவருக்கு இந்த 22 பேரைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லை.

இனி “பொய் எச்சரிக்கை இயந்திரம்” என்ற அவருடைய சொல்லுக்கு வருகிறேன். எம்ஆர்ஐ சந்தேகப்பட்டு, பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தவை 420. மேமோகிராமில் அப்படி 207. இரண்டு மடங்கு என்பது உண்மை. ஆனால் ஓர் எச்சரிக்கை எவ்வளவு நம்பத் தகுந்தது என்று அறிய, பொய்களை மட்டும் எண்ணினால் போதாது, மெய்களையும் சேர்த்து எண்ண வேண்டும். எம்ஆர்ஐ மொத்தம் 452 முறை எச்சரித்தது, அதில் 32 மெய். நூற்றுக்கு ஏழு. மேமோகிராம் 225 முறை எச்சரித்தது, அதில் 18 மெய். நூற்றுக்கு எட்டு. ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள இந்த இடைவெளியை வைத்து ஒன்றை நம்பகமான பழைய தோழி என்றும் மற்றதைப் பயமுறுத்தும் இயந்திரம் என்றும் எழுதுவது நேர்மையான வாதம் அல்ல. எம்ஆர்ஐ கூடுதலாகச் சந்தேகப்படுகிறது, அதற்கேற்பக் கூடுதலாகக் கண்டுபிடிக்கவும் செய்கிறது.

மேமோகிராம் ஏன் இந்தப் பெண்களிடம் தோற்கிறது என்பதை அவர் விளக்கவே இல்லை. விளக்கியிருந்தால் கட்டுரையே நின்றிருக்காது. மேமோகிராம் ஓர் எக்ஸ்ரே, நிழற்படம். கொழுப்பு கறுப்பாக விழும், பால் சுரப்பித் திசு வெள்ளையாக விழும், புற்றுக்கட்டியும் வெள்ளையாகவே விழும். அறுபது வயதில் சுரப்பித் திசு சுருங்கிக் கொழுப்பு கூடியிருக்கும், அதனால் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரியும். ஆனால் பிஆர்சிஏ பிறழ்வுள்ள பெண்ணுக்கு முப்பது வயதிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் மார்பகம் முழுக்கச் சுரப்பித் திசு. வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதைதான். போதாததற்கு, பிஆர்சிஏ1 கட்டிகளில் பல, மேமோகிராம் வழக்கமாகத் துப்புப் பிடிக்கும் சுண்ணாம்புத் துகள்களை உண்டாக்குவதில்லை. உருண்டையாக, ஓரம் வழுவழுவென்று, சாதாரண நார்க்கட்டி போலவே இருக்கும். வேகமாகவும் வளரும்.

எம்ஆர்ஐ நிழலைப் பார்ப்பதில்லை, இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. புற்று வளரத் தனக்கென்று புது இரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்கிறது. அவை அவசரத்தில் உருவானவை, அதனால் கசியும். பெண் குப்புறப் படுத்திருக்க, மார்பகங்கள் படுக்கையின் குழிகளுக்குள் தொங்கும். முதலில் ஒரு தொகுதிப் படம். பிறகு கைநரம்பில் காடோலினியம் மருந்து ஏற்றி, அடுத்த சில நிமிடங்களில் வரிசையாக மறுபடியும் படங்கள். கசியும் குழாய் உள்ள இடம் சட்டென்று ஒளிரும், பெரும்பாலும் சட்டென்று மங்கவும் செய்யும். சுரப்பித் திசு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அந்த ஒளியை மறைக்க முடியாது.

பொய் எச்சரிக்கை வருவதும் இதே காரணத்தால்தான். மருந்தை உறிஞ்சுவது புற்று மட்டுமல்ல. நார்க்கட்டி உறிஞ்சும், அழற்சி உறிஞ்சும், மாதவிடாய் நெருங்கும் நாட்களில் ஹார்மோன் தூண்டலால் சாதாரணத் திசுவும் உறிஞ்சும். என்னிடம் வந்த 34 வயதுப் பெண் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவருக்கு வேறோர் இடத்தில் மாதவிடாய் தொடங்கி 23ஆம் நாளில் எம்ஆர்ஐ எடுத்துவிட்டார்கள். எந்த நாளில் வந்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மார்பகங்களிலும் வானத்து நட்சத்திரம் போல ஒளிப்புள்ளிகள், அவற்றுள் மூன்றைச் “சந்தேகத்துக்குரியவை” என்று குறித்திருந்தார்கள். அவர் பத்து நாள் தூங்கவில்லை. நாங்கள் அந்த மூன்று இடங்களையும் குறிவைத்து அல்ட்ராசவுண்ட் பார்த்தோம், ஒன்றும் தென்படவில்லை. அடுத்த சுழற்சியின் 9ஆம் நாளில் எம்ஆர்ஐயை மறுபடி எடுத்தோம். இரண்டு புள்ளிகள் காணாமலே போயின. மூன்றாவது, ஓரம் சீரான ஆறு மில்லிமீட்டர் புள்ளி, மெதுவாக ஒளிர்ந்து மங்காமல் நின்றது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தோம், அப்படியே இருந்தது. ஊசி எதுவும் தேவைப்படவில்லை.

அவர் பட்ட வேதனை உண்மையானது, அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் எம்ஆர்ஐ அல்ல, எடுத்த நாள். மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் எடுத்திருந்தால் அந்தச் சந்தேகங்களில் பெரும்பகுதி எழுந்தே இருக்காது. ஒப்பிட முந்தைய ஆண்டின் படம் இருந்தால் பொய் எச்சரிக்கை இன்னும் குறையும். முதல் ஆண்டில்தான் அது மிக அதிகம். கட்டுரையாளர் முதல் ஆண்டின் அச்சத்தை எடுத்து ஒவ்வோர் ஆண்டுக்கும் பூசிவிட்டார்.

ஒரு குறையை நான் மறைக்கப் போவதில்லை. அந்த நெதர்லாந்து ஆய்விலேயே மேமோகிராம் கண்டு எம்ஆர்ஐ தவறவிட்ட புற்றுகள் 8. அவற்றில் 5, பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருந்த ஆரம்பநிலைப் புற்றுகள். சுண்ணாம்புத் துகளைப் பார்ப்பதில் மேமோகிராமுக்கு இன்றும் இடமுண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறோம். 2005இல் வந்த பிரிட்டன் ஆய்வில் எம்ஆர்ஐ தனியாக 77 சதவீதம், மேமோகிராம் தனியாக 40 சதவீதம், இரண்டும் சேர்ந்து 94 சதவீதம் புற்றுகளைக் கண்டன. யாரும் மேமோகிராமைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக ஓர் எதிரியை உருவாக்கி அவனோடு அவர் சண்டை போடுகிறார்.

இன்னொன்றில் அவரோடு பாதி தூரம் உடன்படுகிறேன். எல்லாப் பெண்களுக்கும் எம்ஆர்ஐ எடுப்பது தவறு. காரணத்தைக் கணக்கிலேயே காணலாம். எம்ஆர்ஐ ஆண்டுக்கு ஆயிரம் பேரில் சுமார் நூறு பேருக்குப் பொய் எச்சரிக்கை தருகிறது. பரம்பரை ஆபத்து இல்லாத நாற்பது வயதுப் பெண்கள் ஆயிரம் பேரில் ஓராண்டில் புற்று வருவது இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்காது. அவர்களுக்காக நூறு பேரைக் கலங்க வைப்பது நியாயமில்லை. நெதர்லாந்து ஆய்வில் மரபணுப் பிறழ்வு உறுதியான பெண்களிடம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 26 பேருக்கு மேல் புற்று கண்டறியப்பட்டது. அதே நூறு பொய் எச்சரிக்கை, ஆனால் மறுதட்டில் பத்து மடங்கு எடை. முதல் கூட்டத்துக்குப் பொருந்தும் வாதத்தை இரண்டாம் கூட்டத்தின் தலையில் வைத்ததுதான் அந்தக் கட்டுரையின் பெரிய பிழை. இது கருத்து வேறுபாடல்ல, கணக்குப் பிழை.

“உயிர் காத்ததாக நிரூபணம் எங்கே?” என்று கடைசியில் கேட்டிருக்கிறார். சீட்டுக் குலுக்கிப் பிரித்து, இறப்பு வரை பின்தொடர்ந்த ஆய்வு இல்லை என்பது சரி. ஆனால் ஒன்றுமே இல்லை என்பது பொய். நெதர்லாந்து ஆய்வில் புற்று அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது 21 சதவீதப் பெண்களிடம். இந்தக் கண்காணிப்பில் இல்லாத ஒப்பீட்டுக் குழுக்கள் இரண்டிலும் அது பாதிக்கு மேல். 2024இல் 11 நாடுகளின் 2,488 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. எம்ஆர்ஐ கண்காணிப்பில் இருந்த பிஆர்சிஏ1 பெண்களுக்கு மார்பகப் புற்றால் இறக்கும் ஆபத்து ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. பிஆர்சிஏ2 பெண்களிடம் அப்படித் தெளிவான குறைவு காணப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வீண் பயாப்சி என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, திசுத் துணுக்கு எடுத்து, சில நாள் முடிவுக்குக் காத்திருப்பது. அந்த நாட்கள் கொடியவை. எட்டு மில்லிமீட்டரில் பிடிக்காமல் விட்ட கட்டி, மூன்று சென்டிமீட்டரில் கைக்குத் தட்டுப்படும் நாள் அதைவிடக் கொடியது. இரண்டையும் சமமாக நிறுத்தி எழுதியவர், இரண்டாவதற்கு ஆளான ஒரு பெண்ணோடும் பேசாமல் எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கட்டுரையைப் படித்துக் குழம்பியிருக்கும் பெண்களுக்கு: மரபணுப் பிறழ்வு உறுதியாகியிருந்தால் குறித்த நாளை ரத்து செய்யாதீர்கள். மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் நாள் கேளுங்கள். பழைய படங்களின் சிடியைக் கையோடு எடுத்துப் போங்கள். எம்ஆர்ஐயில் மட்டுமே தெரியும் புள்ளி ஒன்று வந்தால், எம்ஆர்ஐயைப் பார்த்தபடியே ஊசி செலுத்தும் வசதி அங்கே இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்று படுக்கையில் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். பதில் இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.