பன்னிரண்டு தண்ணீர் எதற்கு?

பாடப்புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே "விளக்குங்க" என்று மட்டும் எழுதும் பிள்ளைகள் எனக்கு நிறைய உண்டு. தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால் இலை, வேர், பூ என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். படம் வந்ததும் நான் விளக்கத் தொடங்குவதில்லை. பிள்ளை எந்த வகுப்பு, எந்த வரியில் நின்றுபோனது என்ற இரண்டும் தெரியாமல் சொல்லும் விளக்கம், அந்தப் பக்கத்தையே இன்னொரு முறை உரக்கப் படித்துக் காட்டுவதாகத்தான் முடியும்.

என் தங்கையின் பேத்தி பத்தாம் வகுப்பு. ஒளிச்சேர்க்கைப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். புத்தகத்தின் வலது ஓரம் வளைந்து படத்துக்கு வெளியே போய்விட்டது. சமன்பாட்டில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:

6CO₂ + 12H₂O → C₆H₁₂O₆ + 6H₂O +

படம் அரைகுறையாக வந்தால் அடுத்து என்ன இருக்கும் என்று மனப்பாடத்திலிருந்து நிரப்புவதைவிட எண்ணிப் பார்ப்பது நல்லது. கார்பன் இரு பக்கமும் ஆறு. ஹைட்ரஜன் இரு பக்கமும் இருபத்து நான்கு. ஆக்சிஜன் மட்டும் இடப்பக்கம் இருபத்து நான்கு, வலப்பக்கம் பன்னிரண்டு. ஆக, வெட்டுப்பட்ட இடத்தில் பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருந்தாக வேண்டும். அது 6O₂. இந்தக் கணக்கை அப்படியே அவளுக்கும் எழுதி அனுப்பினேன். மங்கிய படத்தில் ஒரு சிறிய எண் காணாமல் போனாலும் இதே வழியில் கண்டுபிடித்துவிடலாம்.

"எந்த வரி வரைக்கும் புரிஞ்சுதோ, அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு மறுபடி அனுப்பும்மா" என்றேன். கோடு சமன்பாட்டின் கீழேயே விழுந்திருந்தது. கூடவே ஒரு கேள்வி: "தாத்தா, இடது பக்கம் 12 தண்ணி, வலது பக்கம் 6 தண்ணி. ரெண்டு பக்கமும் ஆறைக் கழிச்சிட்டா சின்னதா ஆயிடுமே, ஏன் கழிக்கல?"

அவள் "விளக்குங்க" என்று எழுதியது இந்த ஒரு கேள்விக்காகத்தான். பக்கத்தின் மற்ற வரிகளெல்லாம் அவளுக்குப் புரிந்தே இருந்தன.

அவள் சொல்கிறபடி கழித்தால் 6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂ என்று வரும். அதிலும் அணுக்கள் சரியாகவே இருக்கின்றன. கீழ் வகுப்புகளில் அப்படித்தான் எழுதுவோம். கணக்கு அதைத் தடுக்காது. தடுப்பது, ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இலை வெளிவிடும் ஆக்சிஜன் முழுவதும் தண்ணீரிலிருந்து வருகிறது. 6O₂ என்றால் பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள். ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன்தான் உண்டு. ஆறு தண்ணீரை உடைத்தால் ஆறு அணுதான் கிடைக்கும். எனவே பன்னிரண்டு தண்ணீர் உடைந்தே ஆக வேண்டும். வலப்பக்கம் இருக்கும் ஆறும் மிச்சம் நின்ற பழைய தண்ணீர் இல்லை, புதிதாக உண்டானது. கழித்துவிட்டால் இந்தச் செய்தி மறைந்துபோகிறது.

இது எப்படித் தெரியும் என்பதையும் அவளுக்குச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐசோடோப் தெரியும். சாதாரண ஆக்சிஜனின் நிறை எண் 16. 18 உள்ள கனமான ஆக்சிஜனும் உண்டு, அது கதிரியக்கம் இல்லாதது. 1941-இல் அமெரிக்காவில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் குளோரெல்லா என்ற பாசிக்குக் கன ஆக்சிஜன் கலந்த தண்ணீரைக் கொடுத்தபோது, வெளியே வந்த வாயுவில் அந்தக் கன ஆக்சிஜன் இருந்தது. தண்ணீரைச் சாதாரணமாக வைத்துவிட்டு, கார்பன் பக்கம் கன ஆக்சிஜனைக் கொடுத்தபோது வாயுவில் அது கூடவில்லை.

புரிந்ததா என்று நான் கேட்பதில்லை. எல்லாரும் "ம்" என்றுதான் சொல்வார்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டேன்: "கார்பன் டைஆக்சைடுல இருக்கிற பன்னிரண்டு ஆக்சிஜன் எங்கெங்க போகும்?" கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "சர்க்கரைல ஆறு, புதுத் தண்ணில ஆறு. காத்துக்கு ஒண்ணும் வராது." இந்தப் பதில் மனப்பாடத்தில் வராது.

அவள் தம்பி ஏழாம் வகுப்பு. அக்காவின் கைபேசியிலேயே குரல் அனுப்பி, தனக்கும் அதே பக்கத்தை விளக்கச் சொன்னான். அவனுக்கு எண்கள் வேண்டாம். வேர் தண்ணீரைக் கொண்டுவருகிறது, இலைத்துளை வழியாகக் கார்பன் டைஆக்சைடு நுழைகிறது, பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது, சர்க்கரை உண்டாகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. இவ்வளவு போதும். ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் அவனிடம் சொல்லவே மாட்டேன்: "கார்பன் டைஆக்சைடிலிருந்து கார்பனை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடுகிறது." சின்னப் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் தப்பு. மூன்று வருடம் கழித்து இவனும் அந்தப் பன்னிரண்டின் முன் வந்து நிற்கும்போது இந்த வாக்கியம்தான் குறுக்கே நிற்கும். வயதுக்கேற்பக் குறைத்துச் சொல்லலாம், மாற்றிச் சொல்லக் கூடாது. "ஆக்சிஜன் தண்ணிலேர்ந்து வருதுப்பா" என்பதும் அதே நீளம்தான்.

உடனே அவன், "அப்போ தண்ணி ஊத்தலேன்னா ஆக்சிஜன் வராதா?" என்றான். குறையும், ஆனால் காரணம் வேறு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி நீராவிப்போக்கில் போய்விடுகிறது. ஒளிச்சேர்க்கைக்குச் செலவாவது மிகக் கொஞ்சம். தண்ணீர் குறைந்ததும் செடி இலைத்துளையை மூடிக்கொள்கிறது, கார்பன் டைஆக்சைடு உள்ளே வர வழியில்லை, வேலை மந்தமாகிறது. அவனுக்கு அதைத் துளை மூடிவிடும் என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு. அவளிடம் அதே சமன்பாட்டை வேறு விதமாகப் பேசலாம். சமன்பாடு என்பது மாதக் கடைசியில் எழுதும் வரவு செலவுக் கணக்கு. என்றைக்கு எது நடந்தது என்று அதில் இருக்காது. தண்ணீர் உடைவது தைலக்காய்டில், ஒளிவினையில். கார்பன் சேர்வது ஸ்ட்ரோமாவில், கால்வின் சுழற்சியில். அந்தச் சுழற்சியிலிருந்து நேராக வெளிவருவது குளுக்கோஸ் இல்லை, மூன்று கார்பன் உள்ள சர்க்கரை பாஸ்பேட். அதிலிருந்துதான் ஸ்டார்ச்சும் சுக்ரோஸும் உண்டாகின்றன.

ரூபன் சோதனையை அவள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "கார்பன் டைஆக்சைடு தண்ணில கரைஞ்சா கார்பானிக் அமிலம் ஆகும் இல்ல சார்? திரும்பப் பிரியறப்ப ஆக்சிஜன் இடம் மாறிடாதா?" என்றாள். மாறும். நேரம் போகப்போக இரண்டிலும் கன ஆக்சிஜன் கலந்து ஒரே மாதிரி ஆகிவிடும். அந்தப் பரிமாற்றம் முடிவதற்குள் வாயுவை அளந்தால்தான் சோதனை எதையாவது சொல்லும். எனவே அதற்கு முந்தைய வேறொரு சான்றையும் அவளுக்குக் கொடுத்தேன். 1930-களின் கடைசியில் ராபர்ட் ஹில் பசுங்கணிகங்களை இலையிலிருந்து தனியே பிரித்தெடுத்து, எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஓர் இரும்பு உப்பைச் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தார். கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வேலை அங்கே நடக்கவில்லை, ஆனாலும் ஆக்சிஜன் வந்தது.

இந்தச் சான்றைப் பத்தாம் வகுப்புப் பேத்திக்கு இன்னும் அனுப்பவில்லை. எலக்ட்ரானை ஏன் ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் கேட்கும்போது அனுப்பலாம்.