பித்ரா தீவை எடுப்பதற்கு யாரைக் கேட்பார்கள்?

லட்சத்தீவில் மக்கள் வசிக்கும் தீவுகள் பத்து. அவற்றில் மிகச் சிறியது பித்ரா. அதன் நிலப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். 2011 கணக்கெடுப்பில் அங்கு 271 பேர் இருந்தனர். மீன்பிடியும் தென்னையும் அவர்களின் வாழ்வாதாரம். மாலிக் முல்லா என்ற அரபுப் பெரியவரின் அடக்கத்தலம் அங்கு இருப்பதால், பக்கத்துத் தீவுகளிலிருந்து ஜியாரத்துக்கும் மக்கள் வருவதுண்டு.

இந்தத் தீவின் முழு நிலத்தையும் வருவாய்த் துறையின் கீழ் கொண்டுவந்து பாதுகாப்பு அமைப்புகளிடம் ஒப்படைக்கும் திட்டத்தை 2025 ஜூலை 11 தேதியிட்ட அறிவிப்பில் லட்சத்தீவு நிர்வாகம் வெளியிட்டது. தீவு அமைந்திருக்கும் இடத்தின் முக்கியத்துவம், தேசப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, அங்கு பொதுமக்கள் வசிப்பதால் ஏற்படும் நிர்வாகச் சிரமங்களும் காரணமாகச் சொல்லப்பட்டன. மக்கள் வாழ்வதையே நிர்வாகத்துக்குச் சிரமம் என்று ஒரு நிர்வாகம் எழுதுகிறது என்றால், அந்த நிர்வாகம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கேள்வி எழுகிறது.

நிர்வாகி, குடியரசுத் தலைவர், இடையில் யாரும் இல்லை

1956 வரை இந்தத் தீவுகள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. அமினி தீவுக் கூட்டம் தென் கன்னட மாவட்டத்தோடும், மினிக்காய் உள்ளிட்ட மற்றவை மலபார் மாவட்டத்தோடும் இணைக்கப்பட்டிருந்தன. மாவட்டத் தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் வந்து கணக்கும் வழக்கும் பார்த்துவிட்டுத் திரும்புவார். மற்ற நாட்களில் தீவைப் பார்த்துக்கொண்டவர் ‘அமீன்’ என்ற உள்ளூர் அலுவலரும் குடும்பத் தலைவர்களான காரணவர்களும்தான்.

1956 நவம்பர் 1 அன்று இவை ஒன்றிய ஆட்சிப்பகுதி ஆயின. அப்போதும் தலைமையகம் கோழிக்கோட்டில்தான் இருந்தது. 1964ல்தான் அது கவரத்திக்கு மாறியது. அலுவலகம் தீவுக்கு வந்தாலும் அதிகாரம் வரவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 239ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவர், தான் நியமிக்கும் நிர்வாகி மூலம் இந்தப் பகுதியை ஆள்கிறார். நடைமுறையில் இது உள்துறை அமைச்சகத்தின் ஆட்சி. புதுச்சேரிக்கு இருப்பது போன்ற சட்டமன்றம் இங்கு இல்லை. மாநிலங்களவையிலும் இடம் இல்லை. மக்களவைக்கு மட்டும் ஓர் உறுப்பினர். அவரையும் 1967 வரை குடியரசுத் தலைவரே நியமித்து வந்தார்.

240ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. லட்சத்தீவின் அமைதிக்கும் முன்னேற்றத்துக்கும் நல்லாட்சிக்கும் என்று குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கலாம். அவை நாடாளுமன்றச் சட்டத்துக்குச் சமமானவை. அந்தப் பகுதிக்குப் பொருந்தும் நாடாளுமன்றச் சட்டத்தை நீக்கவோ திருத்தவோ கூட அவற்றால் முடியும். தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வரவேண்டுமானால் மசோதா சட்டமன்றத்துக்கு வரும், எதிர்க்கட்சி பேசும், பத்திரிகைகள் எழுதும். லட்சத்தீவுக்கான ஒழுங்குமுறையோ கவரத்தியில் வரைவாக எழுதப்பட்டு, டெல்லியில் அமைச்சகங்களைக் கடந்து, கையெழுத்தாகி அரசிதழில் வந்துவிடும். இந்த வழியில் தீவு மக்களின் வாக்கைப் பெற்ற எவரும் குறுக்கே வருவதில்லை.

2021 காட்டியது

இந்த அமைப்பு பல ஆண்டுகள் பெரிய சத்தமில்லாமல் ஓடியதற்குக் காரணம், வந்த நிர்வாகிகள் பெரும்பாலும் ஆட்சிப் பணி அல்லது காவல் பணி அதிகாரிகள். அவர்கள் தீவின் வழக்கங்களை அதிகம் கலைக்கவில்லை. 2020 டிசம்பரில் குஜராத்தின் முன்னாள் உள்துறை இணை அமைச்சர் பிரஃபுல் கோடா படேல் நிர்வாகப் பொறுப்பேற்றார். அடுத்த சில மாதங்களில் நான்கு வரைவுகள் வந்தன. திட்டமிடலுக்கு என்று எந்த நிலத்தையும் எடுக்க வழிசெய்யும் வளர்ச்சி ஆணைய வரைவு, நம் ஊர் குண்டர் சட்டம் போல விசாரணையின்றி ஓராண்டு வரை சிறைவைக்கும் வரைவு, மாட்டிறைச்சிக்குத் தடை விதிக்கும் வரைவு, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உள்ளவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்யும் வரைவு ஆகியவை அவை. கேரள சட்டமன்றம் நிர்வாகியைத் திரும்ப அழைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. தீவுக்காகப் பேச அதற்கென்று ஒரு சட்டமன்றம் இல்லாததால், பக்கத்து மாநிலத்தின் சட்டமன்றம் பேச வேண்டியிருந்தது.

பள்ளி மதிய உணவிலிருந்து இறைச்சியை நீக்கிய உத்தரவு நீதிமன்றம் போனது. கேரள உயர்நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் இது நிர்வாகத்தின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. சட்டப்படி இது வழக்கமான பதில்தான். ஒரு மாநிலத்தில் கொள்கை முடிவு பிடிக்காவிட்டால் ஐந்தாண்டில் அரசை மாற்றலாம் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. லட்சத்தீவில் அந்தக் கொள்கையை எடுத்தவரை மாற்ற மக்களிடம் வாக்குச்சீட்டு இல்லை. நீதிமன்றம் கதவை மூடினால் தட்டுவதற்கு வேறு கதவும் இல்லை.

எஞ்சியிருந்த ஒரே சபை

மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு சபை இருக்கத்தான் செய்தது. 1994ஆம் ஆண்டின் பஞ்சாயத்து ஒழுங்குமுறைப்படி தீவுக்கு ஒன்றாகப் பத்து கிராமப் பஞ்சாயத்துகளும், மேலே ஒரு மாவட்டப் பஞ்சாயத்தும் அமைந்தன. கல்வி, சுகாதாரம், விவசாயம், கால்நடை, மீன்வளம் ஆகிய துறைகளில் மாவட்டப் பஞ்சாயத்துக்கு இருந்த பொறுப்பு 2021ல் திரும்பப் பெறப்பட்டு நிர்வாகத்திடம் போனது. 2017 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளின் ஐந்தாண்டு முடிந்த பிறகு நடந்திருக்க வேண்டிய தேர்தல் உரிய காலத்தில் நடக்கவில்லை. பித்ரா அறிவிப்பு வந்தபோது தீவுகளில் பஞ்சாயத்துகளே செயல்பாட்டில் இல்லை என்று மக்களவை உறுப்பினர் ஹம்துல்லா சயீத் சுட்டிக்காட்டினார்.

இது வெறும் அரசியல் குறை அல்ல என்பதைப் புரிந்துகொள்ள, 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பித்ராவில் வைத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகம் பயன்படுத்துவது அந்தச் சட்டத்தைத்தான்.

முதல் படி சமூகத் தாக்க மதிப்பீடு. பஞ்சாயத்தைக் கலந்தாலோசித்து இதை நடத்த வேண்டும் என்கிறது சட்டம். இரண்டாவது, பாதிக்கப்படும் இடத்தில் பொது விசாரணை. மூன்றாவது, அந்த அறிக்கையை ஒரு நிபுணர் குழு பரிசீலிக்க வேண்டும். அந்தக் குழுவில் பஞ்சாயத்து அல்லது கிராம சபையின் பிரதிநிதிகள் இருவர் இடம்பெற வேண்டும். திட்டத்தால் வரும் நன்மையைவிடப் பாதிப்பு அதிகம் என்று கருதினால் திட்டத்தைக் கைவிடும்படி குழு சொல்லலாம். நான்காவது, அரசின் முடிவு. அதற்குப் பின் முதல்நிலை அறிவிப்பு வந்தால், நில உரிமையாளர்கள் அறுபது நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் ஆட்சேபம் தரலாம்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. பித்ராவில் இது எப்படி நடக்கும்? மதிப்பீட்டைத் தொடங்குபவர் ஆட்சியர். ஆட்சேபத்தைக் கேட்பவரும் அவரே. ஒன்றிய ஆட்சிப்பகுதிகளில், புதுச்சேரி தவிர, முடிவெடுக்கும் ‘உரிய அரசு’ ஒன்றிய அரசு. நிலத்தைப் பெறப்போகும் பாதுகாப்பு அமைப்புகளும் ஒன்றிய அரசினுடையவை. இந்த வரிசையில் மக்கள் சார்பாகச் சட்டம் உட்கார வைத்திருக்கும் இருக்கை ஒன்றுதான், அது பஞ்சாயத்து. அது காலியாக இருக்கிறது. கிராம சபைகளைக் கலந்தாலோசிப்போம் என்று அறிவிப்பு சொல்கிறது. ஆனால் தலைவரும் உறுப்பினர்களும் இல்லாத ஊரில் கிராம சபையைக் கூட்டுவதும் தீர்மானத்தை எழுதுவதும் அதிகாரிகளின் கையில்தான் போய் முடியும்.

இன்னொரு பாதுகாப்பும் இங்கு எட்டவில்லை. தீவு மக்களில் பெரும்பான்மையோர் பட்டியல் பழங்குடியினர். அரசமைப்பின் ஐந்தாம், ஆறாம் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலத்தை எடுக்க கிராம சபை, பஞ்சாயத்து அல்லது தன்னாட்சி மாவட்டக் குழுவின் முன் ஒப்புதல் கட்டாயம். லட்சத்தீவு இந்த இரண்டு அட்டவணைகளிலும் இல்லை. அரசு தன் பாதுகாப்புத் தேவைக்கு எடுக்கும்போது நில உரிமையாளர்களின் சம்மதமும் சட்டப்படி கட்டாயமில்லை. ஆகவே மக்களிடம் எஞ்சியிருப்பது கலந்தாலோசனை மட்டுமே.

மதிப்பீட்டில் என்ன பார்க்க வேண்டும்

மதிப்பீட்டு அறிக்கை நேர்மையானதா என்பதை இரண்டு விஷயங்களை வைத்துச் சொல்லிவிடலாம். முதலாவது கடல். பித்ராவின் நிலம் சிறியது, ஆனால் அதைச் சுற்றியுள்ள பவளக் காயல் லட்சத்தீவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. மக்களின் பிழைப்பு அங்கேதான். நீர்நிலையை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களையும், நிலம் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்ட குடும்பமாகவே சட்டம் எண்ணுகிறது. அறிக்கை நிலத்தை மட்டும் அளந்திருந்தால் அது பாதி வேலை.

இரண்டாவது உரிமையாளர் யார் என்பது. லட்சத்தீவு முஸ்லிம்களிடம் தாய்வழித் தரவாட்டு முறை உண்டு. ‘வெள்ளியாழ்ச்சைச் சொத்து’ எனப்படும் தரவாட்டுச் சொத்து தாய்வழியில் முழுக் குடும்பத்துக்கும் பொது. ‘திங்களாழ்ச்சைச் சொத்து’ எனப்படும் சுய சம்பாத்தியம் ஷரீஅத் முறைப்படி பங்கிடப்படும். பொதுச் சொத்தில் காரணவர் பெயரை மட்டும் எழுதி இழப்பீடு கணக்கிட்டால், வேறு தீவில் வசிக்கும் பங்காளிகளும் குறிப்பாகப் பெண்களும் கணக்கில் வராமல் போவார்கள்.

எண்ணிக்கை குறைவு என்ற வாதம்

அறுபத்து நாலாயிரம் பேருக்குச் சட்டமன்றம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பின்லாந்தின் ஆலந்து தீவுகளில் சுமார் 30,000 பேர்தான். முப்பது உறுப்பினர்கள் கொண்ட சொந்த நாடாளுமன்றம் அவர்களுக்கு இருக்கிறது. வெளியார் அங்கு நிலம் வாங்க உள்ளூர் அனுமதி வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சட்டமன்றம் இல்லாத லடாக்கில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கார்கிலுக்கு 26 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கும் மலைப்பகுதி மேம்பாட்டுக் குழு இருக்கிறது. அதன் அதிகாரம் போதவில்லை என்று அவர்கள் போராடுகிறார்கள். லட்சத்தீவுக்கு அந்த அளவும் இல்லை.

எல்லைப் பாதுகாப்பு அரசின் கடமை என்பதில் தீவு மக்களுக்கு மறுப்பு இருக்க முடியாது. நடுக்கடலில் தேசியக் கொடியோடு வாழ்பவர்கள் அவர்கள்தான். மஷூரா செய்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே அவர்களின் கேள்வியின் சாரம். அதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை, புதிய சட்டமும் வேண்டாம். பஞ்சாயத்துத் தேர்தலை முதலில் நடத்தி, அதில் வந்தவர்களை உட்கார வைத்த பிறகு பித்ராவின் மதிப்பீட்டைத் தொடங்கினால் போதும். அந்த வரிசை மாறினால், 271 பேரின் ஊரைக் குறித்து அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் முடிவெடுக்கப்படும்.