கிரீமா, வெண்ணெயா?

மே மாத டெல்லி வெயிலில், பையன் பிறந்தநாள் கேக்குக்குக் கிரீம் அடித்தேன். "இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே" என்று பீட்டரை அரை நிமிஷம் கூடுதலாக ஓட்டினேன். முதலில் ரவை மாதிரி ஆனது, பிறகு மோர் பிரிந்து வெண்ணெயே திரண்டுவிட்டது!

அதிசயம் ஒன்றுமில்லை, அம்மா மத்தால் கடைந்த அதே கதைதான். அடிக்கும்போது கொழுப்புத் துளிகளின் மேல்தோல் கிழிந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் கெட்டித்தன்மை. மேலும் அடித்தால் துளிகள் கட்டிகளாகித் திரள்கின்றன; குமிழி உடைந்து தண்ணீர் வெளியேறுகிறது. கிரீம் சூடானால் கொழுப்பு இளகி, இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதனால் கிரீம், பாத்திரம் எல்லாம் ஜில்லென்று இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், கடைசிக் கட்டத்துக்கு மிஷின் வேண்டவே வேண்டாம். பீட்டரைத் தூக்கினால் கிரீமின் நுனி வளைந்து சாய்கிறதா? அங்கேயே நிறுத்திவிட்டு, கை விஸ்க்கால் பத்துப் பதினைந்து சுற்று. நுனி நிமிர்ந்து நின்றால் போதும்.

லேசாகத் திரிதிரியானால் இரண்டு மூன்று ஸ்பூன் அடிக்காத கிரீம் விட்டு மெதுவாகக் கலந்தால் பிழைக்கும். மோர் பிரிந்துவிட்டதா? கேக்கை மறந்துவிட்டு நெய் உருக்குங்கள். நான் அதைத்தான் செய்தேன்!