சனம் வாசிப்பதில்லையா, வாசித்துச் செய்ய முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறதா?

"எங்கட சனத்துக்குத் தாளைக் குடுத்து வேலயில்ல சேர். வாசிக்க மாட்டாங்க. மடிச்சு பேக்குக்குள்ள வெச்சிட்டுப் போயிடுவாங்க."

மருந்துக் கடையில், கிளினிக்கில், ஏன் எங்கள் ஆசிரியர் அறையிலும் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இதற்கு இன்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு முட்டு வருத்தம். உம்மா இன்ஹேலரோடு ஒரு தாளையும் கொண்டு வந்து தந்தார். பாடசாலையில் முட்டு வந்தால் இதைப் பார்த்துக் கொடுங்கள் என்றார். தாளில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

"மூடியை அகற்றி நன்கு குலுக்கிய பின், மூச்சை முழுமையாக வெளியேற்றி, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடியவாறு மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சை உள்ளிழுக்கும் அதேவேளை குப்பியை அழுத்தி, 10 செக்கன்கள் மூச்சை அடக்கி வைத்திருக்கவும். பாவனைக்கு முன் வாய்ப்பகுதி சுத்தமாக உள்ளதை உறுதிப்படுத்தவும்."

எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. மருத்துவ ரீதியாகவும் பிழையில்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கும் ஒரு பிள்ளைக்கு முன்னால் நின்று செய்து பாருங்கள்.

முதல் வசனத்தில் ஏழு வேலைகள் இருக்கின்றன. முற்று வினை ஒன்றே ஒன்றுதான், அதுவும் கடைசியில்: "வைத்திருக்கவும்". அகற்றி, குலுக்கிய பின், வெளியேற்றி, மூடியவாறு, அழுத்தி என்று மற்றதெல்லாம் எச்சமாகத் தொங்குகிறது. தமிழில் வினையெச்சத்தை எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். கதை சொல்ல அது அழகு. செய்முறை சொல்ல அது பொறி. வாசிப்பவர் வசனம் முடியும் வரை ஒன்றையும் தொடங்க முடியாது. முடிந்த பிறகோ, மனதில் நிற்பது கடைசியில் கேட்ட "10 செக்கன் மூச்சை அடக்கு" என்பதுதான். இரண்டாம் வகுப்பில் படிப்பித்த எவரும் இதை அறிவார்கள். "புத்தகத்தை எடுத்து, 24ஆம் பக்கத்தைத் திறந்து, படத்துக்கு நிறம் தீட்டுங்கள்" என்றால் பாதி வகுப்பு நிறப் பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஒழுங்கு. வாய்ப்பகுதியைப் பார்க்கச் சொல்வது மருந்து உள்ளே போன பிறகு வருகிறது! "பாவனைக்கு முன்" என்று போட்டுவிட்டால் போதும் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார். போதாது. மூடி இல்லாமல் பேக்குக்குள் கிடந்த இன்ஹேலருக்குள் சின்னச் சாமான், பென்சில் துண்டு, சில்லறைக் காசுகூடப் போயிருக்கலாம். உள்ளிழுக்கும்போது அதுவும் சேர்ந்து தொண்டைக்குள் போகும். முதலில் செய்ய வேண்டியது தாளிலும் முதலில் இருக்க வேண்டும். "முன்", "பின்" என்று சொல் போட்டு வாசிப்பவரின் தலைக்குள் வரிசையை மாற்றச் சொல்வது, எழுதியவர் செய்யாமல் விட்ட வேலையை உம்மாவின் தலையில் கட்டுவது.

பிழைத்தால் என்ன நடக்கும் என்றும் பாருங்கள். பிள்ளை முதலில் அழுத்திவிட்டுப் பிறகு மூச்சை இழுத்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். நெஞ்சுக்குப் போவது கொஞ்சம்தான். வாயோரத்தாலோ இன்ஹேலரின் மேல் பக்கத்தாலோ புகை மாதிரி வெளியே வந்தால் அதுதான் அடையாளம். குலுக்க மறந்தால், பல இன்ஹேலர்களில் மருந்துத் துகள் திரவத்தில் கலக்காமல் ஒதுங்கியிருக்கும், ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் வரும். வீட்டில் என்ன சொல்வார்கள்? "இந்த மருந்து வேல செய்யுதில்ல" என்பார்கள். பிறகு டோஸ் கூடும், ஆஸ்பத்திரிக்கு ஓட்டம் கூடும்.

அதே தாளை நான் இப்படி எழுதினேன்:

1. மூடியைக் கழற்றுங்கள்.
2. வாயில் வைக்கும் துவாரத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.
3. இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள்.
4. நிமிர்ந்து இருங்கள்.
5. மூச்சை வெளியே விடுங்கள். (இன்ஹேலருக்குள் ஊத வேண்டாம்.)
6. துவாரத்தைப் பற்களுக்கு இடையில் வையுங்கள்.
7. உதடுகளை இறுக மூடுங்கள்.
8. வாயால் மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்குங்கள்.
9. இழுத்துக்கொண்டே ஒரு தடவை அழுத்துங்கள்.
10. நெஞ்சு நிறையும் வரை இழுங்கள்.
11. இன்ஹேலரை வாயிலிருந்து எடுங்கள்.
12. முடிந்த அளவு, 10 செக்கன் வரை, மூச்சைப் பிடித்திருங்கள்.
13. மெதுவாக வெளியே விடுங்கள்.

டொக்டர் இரண்டு பஃப் சொல்லியிருந்தால்: அரை நிமிடம் பொறுங்கள். பிறகு 3ஆம் படியிலிருந்து திரும்பச் செய்யுங்கள்.

"டொக்டர் சொல்லியிருந்தால்" என்ற நிபந்தனை முதலில் வருகிறது, வேலை பிறகு வருகிறது. "அரை நிமிடம் கழித்து மீண்டும் பாவிக்கவும், தேவையாயின்" என்று எழுதினால் ஒற்றைப் பஃப் சொல்லப்பட்ட பிள்ளையும் இரண்டாவதை எடுத்துவிடும்.

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். "சின்னப்பிள்ளைக்கு எழுதின மாதிரி இருக்கு, படிச்ச ஆக்களுக்கு இது அவமானம்" என்றார் ஒரு நண்பர். டிகிரி முடித்தவருக்கும் தன் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது கை நடுங்கும். கண் தாளுக்கும் பிள்ளைக்கும் மாறி மாறிப் போகும். திரும்பி வரும் கண்ணுக்கு 6ஆம் படி எங்கே என்று உடனே தெரிய வேண்டும். ஏழு வேலை கோத்த பந்தியில் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க ஏலாது. "தாள் நீண்டுபோகும்" என்றார் இன்னொருவர். நீளட்டும். அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது.

நியாயமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 8, 9, 10 மூன்றும் ஒரே மூச்சுக்குள் நடப்பவை. இடையில் நிறுத்தித் தாளைப் பார்க்க முடியாது. அப்போது "ஒரு படிக்கு ஒரு செயல்" எப்படிப் பொருந்தும்? வேலைகளைப் பிரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் "தொடங்குங்கள்" என்ற சொல் தனிப் படியில் நிற்காவிட்டால் அழுத்துவது முந்திவிடும். ஆனால் மூன்றையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அதற்கு மேலே "இந்த மூன்றையும் முதலில் வாசித்துவிட்டு ஒரே மூச்சில் செய்யுங்கள்" என்று எழுத வேண்டும். வாசித்துச் செய்வது அல்ல, வாசித்து நினைவில் வைத்துச் செய்வது என்று ஆளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் சரிவராது. அதற்குத்தான் ஸ்பேசர் என்ற அந்தப் பிளாஸ்டிக் குழாய். மருந்து முதலில் குழாய்க்குள் நிற்கும், பிள்ளை பிறகு இழுக்கும். ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய இரண்டு வேலையை அது இரண்டு படியாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் அதன் தாளிலும் "ஒரு தடவை அழுத்துங்கள்" என்பது தனி வரியாக நிற்க வேண்டும். இரண்டு பஃபையும் ஒன்றாகக் குழாய்க்குள் அடித்துவிட்டு இழுக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அப்படிச் செய்தால் போய்ச் சேரும் மருந்து குறையும்.

அதற்காக எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டச் சொல்லவில்லை. "கையை நீட்டுங்கள், இன்ஹேலரைப் பிடியுங்கள்" என்று எழுதினால் அதுவும் யாருக்கும் உதவாது. கை ஓய்ந்து கண் தாளுக்குத் திரும்பும் இடத்தில், அல்லது பிழை நடக்கக்கூடிய இடத்தில் வெட்டினால் போதும்.

ஸ்டீரொயிட் இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளித்துத் துப்புவது 14ஆம் படி. கொப்பளிக்காமல் விட்டால் வாய்க்குள் வெள்ளை படரலாம். பல தாள்களில் அது "பக்க விளைவுகள்" என்ற தலைப்புக்குக் கீழே, வேறு பக்கத்தில் கிடக்கிறது. செய்து முடித்துவிட்டுத் தாளை மடிப்பவர் அந்தப் பக்கத்துக்கு ஏன் போகப் போகிறார்?

இப்படித் தாள் அச்சடிப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்க முதல், இன்ஹேலரையே கண்டிராத ஒருவரிடம் வெறும் இன்ஹேலரையும் தாளையும் கொடுங்கள். வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். பிறகு இன்னொருவரிடம் கொடுங்கள்.